அண்ணே என்றவர்களுக்கெல்லாம் போன விலைப்பட்டியல்

என் கையெழுத்து மோசம், பிழையும் நிறைய இருக்கும். இதைக் கணினியில் அடித்துத் தரப்போகிறவர் முதலில் மன்னிக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். எழுத்தைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

நாங்கள் இருப்பது மலாய் நாட்டில், அசாம் ஜாவா பக்கம். நான் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் மனைவி கறித்தூள் செய்து விற்கிறாள். மீனுக்கு ஒரு தூள், இறைச்சிக்கு ஒரு தூள், ரசப்பொடி ஒன்று. மிளகாயையும் மல்லியையும் வாசலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருவாள். அவள் வறுக்கும் நாளில் எங்கள் வீட்டு வரிசை முழுவதும் தும்மும்.

விற்பது என் பொறுப்பு. கடை போட்டு நின்று விற்க எனக்கு வராது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால்தான் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் அந்தத் தளத்தில் ஒரு பேஜ் திறந்தோம். அங்கே முகம் காட்ட வேண்டியதில்லை. தூளைப் படம் பிடித்துப் போட்டால், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ரவாங் வரைக்கும் ஆட்கள் கேட்பார்கள். முன்பு தோட்டங்களில் இருந்து இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குப் போய்விட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும். “அண்ணே, மீன் தூள் இருக்கா?” என்று படத்துக்குக் கீழே எழுதுவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட அண்ணே என்றுதான் எழுதுவார்கள். விற்கிறவன் அண்ணன்தானே.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் எங்களுக்கு உயிர். மற்ற மாதங்களில் போவது சில்லறை. தீபாவளிக்கு வரும் ஆர்டரை நம்பித்தான் என் மனைவி மிளகாய் மூட்டைகளை முன்கூட்டியே வாங்கிப் போடுவாள். அந்த ஆர்டர் அத்தனையும் பேஜின் இன்பாக்ஸ் வழியாகத்தான் வரும். வேறு வழி எங்களுக்கு இல்லை.

பேஜைத் திறந்து தந்தவர் என் மகளைக் கட்டியவர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். என் கணக்கில்தான் திறந்தார், பார்த்துக்கொள்ள வசதியாகத் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளை என்றால் எங்கள் வழக்கத்தில் நாற்காலி போட்டு, “வாங்க, சாப்பிடுங்க” என்பதோடு சரி. அதற்கு மேல் நான் அவரிடம் பேசியது குறைவு. அவரும் பேசமாட்டார்.

சென்ற ஆண்டு, தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது என் மூத்த அண்ணன் இறந்துபோனார். சடங்கு முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் மிளகாய் வறுக்கமாட்டோம், தாளிக்கவும் மாட்டோம். ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருக்கக் கூடாதே என்று பேஜில் எழுதினேன்: “எங்கள் அண்ணன் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தூள் செய்ய இயலாது. மன்னிக்கவும்.” எழுதிப் போட்டுவிட்டுக் கைப்பேசியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். சாவு வீட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டும் ஒருவன் வந்தான். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், என்னைவிட இளையவன். தேநீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தான்.

“அண்ணே, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“சாவு வீட்ல ஆஃபர் போடுறது இப்பப் புதுப் பழக்கமா லா?”

எனக்குப் புரியவில்லை. அவன் தன் கைப்பேசியை நீட்டினான்.

நான் எழுதியதற்குக் கீழே வரிசையாக இரங்கல். அண்ணே, மனசத் தேத்திக்கோங்க. அண்ணே, நல்ல மனுசன். அண்ணே, அண்ணி எப்படி இருக்காங்க. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பேஜின் பெயரில் ஒரே பதில்: “உங்களுக்கு இன்பாக்ஸ் செய்துவிட்டோம், பாருங்க!” பக்கத்தில் ஒரு மிளகாய்ப் படம்.

“இன்பாக்ஸ்ல என்னா இருக்குன்னு பாருங்க” என்று அவனே திறந்து காட்டினான். “வணக்கம்! தீபாவளி முன்பதிவு தொடங்கிவிட்டது” என்று ஆரம்பித்து, மூன்று தூளின் விலையும், ஐந்து பாக்கெட் எடுத்தால் அனுப்பும் செலவு இலவசம் என்பதும் இருந்தது.

“என் வீட்டுக்காரி ரெண்டு வாட்டி அண்ணேன்னு எழுதிட்டா. ரெண்டு வாட்டி வந்துச்சு. ‘பொணத்த எடுக்கறதுக்குள்ள யாவாரத்த ஆரம்பிச்சிட்டாரே ஒங்கண்ணன்’னு ஏசுறா. நான் சொன்னேன், அவரு எனக்கே ‘ம்’முக்கு மேல பதில் எழுத மாட்டாரு, இவ்ளோ எழுதிருப்பாரான்னு.”

சிரிக்கத்தான் சொன்னான். எனக்குக் காது சுட்டது.

அவன் போனபிறகு என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பேஜ் முடக்கப்பட்டிருந்தது. புதிதாக எதுவும் போட முடியாது, யாருக்கும் பதில் எழுத முடியாது, செய்தி அனுப்ப முடியாது. ஒரே வாசகத்தைக் குறுகிய நேரத்தில் பலருக்கு அனுப்பியது தளத்தின் விதிக்கு விரோதம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு தேதி. நாள்காட்டியைப் பார்த்தேன். அந்தத் தேதி வருவதற்குள் தீபாவளி போய்விடும்.

வாசலில் மிளகாய் மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. இறப்பு நடந்த வீடு என்பதால் எங்களுக்கு அந்த வருடம் தீபாவளி கிடையாது. ஆனால் ஊருக்கு உண்டு. ஊர் எங்களிடம் கேட்கும், எங்களால் பதில் சொல்ல முடியாது.

அன்றைக்கு என் மனத்தில் புகுந்த சந்தேகம் லேசில் போகவில்லை.

முதலில், அந்த அறிவிப்பே உண்மையா என்று சந்தேகப்பட்டேன். ஏனென்றால் அடுத்த நாளே இன்பாக்ஸில் வேறு அறிவிப்புகள் வர ஆரம்பித்தன. எங்களால் அனுப்பத்தான் முடியாது, வருவது வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கேடயப் படம், ‘உதவிக் குழு’ என்று ஒரு பெயர். ஒரு நாளைக்குள் உங்கள் பேஜ் நிரந்தரமாக நீக்கப்படும், தடுக்க வேண்டுமானால் கீழே அழுத்தி ரகசியச் சொல்லை உறுதி செய்யவும் என்றது. இன்னொன்று மலாயில், அதே மிரட்டல். பேஜ் முடங்கியது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இல்லை, எல்லோருக்கும் இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருப்பார்களா? நான் எதையும் அழுத்தவில்லை. உதவி செய்கிறவன் எதற்கு மிரட்ட வேண்டும்? கதவைத் தட்டி வீட்டுச் சாவியைக் கேட்கிறவன் போலீஸ்காரனாக இருந்தாலும் நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்து, தஞ்சோங் காராங்கில் தூள் விற்கும் ஒரு பெண்மணி மேல் சந்தேகம் போனது. அவர் ஆளை வைத்துப் புகார் செய்திருப்பார் என்றேன்.

“அந்தப் பொம்பளைக்கு அவ யாவாரத்தப் பாக்கவே நேரமில்ல. ஒங்க பேஜ நோண்ட வர்றாளாக்கும்” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அவள் அப்படி எழுந்து போனதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பேஜின் உள்பக்கத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். இணைக்கப்பட்ட செயலிகள் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு செயலி எங்கள் பேஜோடு இணைந்திருந்தது. இணைத்தவர் மாப்பிள்ளை.

அதற்கப்புறம் எல்லாமே அவர் பக்கம் சாய்ந்தது. ஒருமுறை அவர், “மாமா, பேஜ என் பேருக்கு மாத்திட்டா பெருசா பண்ணலாம்” என்று சொல்லியிருந்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அண்ணன் உடல் கிடந்த அன்று, அவர் வாசலில் போட்டிருந்த டெண்டின் ஓரத்தில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் அப்படி என்ன வேலை? அன்றைக்கே எனக்கு முகம் சுருங்கியது. இப்போது கணக்குப் போட்டேன். என் பேஜ் செத்தால்தான் அவர் பேஜ் பிறக்கும். என் பெயர் நாறினால் அவர் பெயரில் புதிதாகத் தொடங்கலாம். சந்தேகப்படுகிறவனுக்கு எல்லாமே சாட்சி.

கேட்கலாம் அல்லவா? மருமகனிடம் அதை எப்படிக் கேட்பது? மகளின் வாழ்க்கை இருக்கிறது. அதனால் கேட்காமலே செய்தேன். பேஜைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து அவரை நீக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். நிச்சயமாகவா என்று கைப்பேசி கேட்டது. அழுத்தினேன். கேட்கக் கூச்சப்பட்டவனுக்கு அழுத்தக் கூச்சம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, நான் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

“மாப்பிள்ளைய பேஜ்லேந்து எடுத்துட்டீங்களா?”

“யார் சொன்னா?”

“ஒங்க மகதான். அவருக்கு நோட்டிஸ் வந்துச்சாம். சாப்பாட்டப் பாதியில வெச்சிட்டு எழுந்திட்டாராம்.”

“அவருதான் அந்தச் செயலியப் போட்டிருக்காரு. தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்” என்றாள். “போடச் சொன்னதே நாந்தான்.”

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

அவள் சொன்னது இதுதான். தூள் கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் உடனே பதில் எழுதுவதில்லை. எப்படி ஆரம்பிப்பது, பிழை வருமா, விலையைச் சொன்னால் கூடுதல் என்பார்களா என்று யோசித்து யோசித்து நாள் போகும். அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிடுவார்கள். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். “ஒங்க மாமா வெக்கப்படுறாரு. அவருக்குத் தெரியாம ஏதாச்சும் பண்ணுங்க, தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்.” படத்துக்குக் கீழே குறிப்பிட்ட ஒரு சொல்லை யார் எழுதினாலும், தானாகவே பதில் போட்டு இன்பாக்ஸுக்கும் விலைப்பட்டியல் அனுப்பும் செயலியை அவர் போட்டுக்கொடுத்தார். எந்தச் சொல்லை வைப்பது? ஒருவர் விலை என்பார், ஒருவர் வெல என்பார், ஒருவர் எவ்ளோ, ஒருவர் மலாயில் ஹார்கா. எல்லோரும் தவறாமல் எழுதுவது ஒரே சொல். அதைச் சொன்னதும் இவள்தான். “அண்ணேன்னு வைங்க, எவனும் அது இல்லாம எழுத மாட்டான்.”

முதலில் ஒரே ஒரு படத்துக்குத்தான் அதை வைத்திருந்தாராம். நன்றாக நடந்ததும், எல்லாப் பதிவுக்கும் வைத்துவிடச் சொன்னதும் இவள்தான். அதில் ஒரு நாள் சாவுச் செய்தியும் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

“அன்னிக்கு டெண்டுல நின்னு போன அமுக்கிக்கிட்டு இருந்தாரே, அத நிறுத்தத்தான் பாத்தாரு. அது ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் தொறந்திருந்துச்சாம். பாஸ்வேர்டு ஞாபகம் வரல. மறுநாள் காலையில முதல் ஆளாப் போயி நிறுத்தினாரு. அதுக்குள்ள இவனுங்க பூட்டிட்டானுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒங்ககிட்ட யாருங்க என்னத்தச் சொல்றது? கேட்டாத்தானே” என்றாள்.

அவள் அழவில்லை. தார்ப்பாயைத் தூக்கி மிளகாயைக் கிளறிவிட்டு உள்ளே போனாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மிளகாய் ஈரம் குடித்தால் கறுத்துவிடும்.

தடையைப் பற்றி மறுபரிசீலனை கேட்க ஒரு வழி இருந்தது. பேஜின் நிலையைக் காட்டும் இடத்தில், இந்த முடிவு தவறு என்று நினைத்தால் விளக்கம் எழுதலாம் என்று ஒரு பெட்டி. சின்னப் பெட்டிதான், இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்காது. ஒருமுறை அனுப்பினால் திருத்த முடியாது. நான் எழுதத்தான் வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாமல் எப்படி எழுதுவது? தெரிந்தவர் ஒருவர்தான்.

செம்பனை நிறுக்கும் இடத்தில் லோரிகள் வரிசையில் நின்றபோது, கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் அடித்தேன்.

“சொல்லுங்க மாமா.”

முன்னால் இருந்த லோரி நகர்ந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“தடைய எடுக்கச் சொல்லி லெட்டர் எழுதணும்” என்றேன்.

“எழுதலாம் மாமா. மொதல்ல ரெண்டு விசயம் செஞ்சிருங்க. இணைச்ச செயலிங்க இருக்குற எடத்துல அது இன்னும் இருக்கும், அத நீக்கிருங்க. நான் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன், ஆனா இணைப்பு அப்பிடியே இருக்கு. எனக்கு இப்ப உள்ள போக முடியாது.” கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “அப்பறம், அது போட்ட பதில் எல்லாத்தயும் அழிச்சிருங்க. அழிக்க விடும். எழுதறத நீங்களே தமிழ்ல எழுதி அனுப்புங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தித் தரேன்.”

அன்று மாலை நானும் என் மனைவியும் உட்கார்ந்து அழித்தோம். ஒவ்வொரு இரங்கலாக அவள் படிப்பாள், அதற்குக் கீழே தொங்கும் மிளகாயை நான் அழிப்பேன். அண்ணனைப் பற்றி ஊர் எழுதியதையெல்லாம் அப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஒருவர், தன் தகப்பன் செத்த அன்று என் அண்ணன்தான் மழையில் நனைந்து வந்து சங்கு ஊதினார் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயும் ஐந்து பாக்கெட் எடுத்தால் இலவசம்.

கடிதத்தை லோரிக்குள் உட்கார்ந்து, ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். பலமுறை அடித்துத் திருத்திய பிறகு இப்படி இருந்தது:

“ஐயா, அம்மா. நாங்கள் வீட்டில் கறித்தூள் செய்து விற்பவர்கள். எங்கள் ஊரில் விற்பவரை அண்ணே என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்காக, எல்லோரும். அதனால் அந்தச் சொல்லை எழுதுகிறவர்களுக்கு விலைப்பட்டியல் போகும்படி தானியங்கிச் செயலியில் வைத்திருந்தோம். என் சொந்த அண்ணன் இறந்த செய்தியை எழுதினேன். துக்கம் சொன்னவர்களும் என்னை அண்ணே என்றுதான் சொன்னார்கள். செயலிக்கு வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விலைப்பட்டியல் போய்விட்டது. வேண்டுமென்று யாரையும் தொல்லை செய்யவில்லை. இப்போது அந்தச் செயலியை நீக்கிவிட்டோம். அது எழுதியவற்றையும் அழித்துவிட்டோம். இனி நானே கையால் பதில் எழுதுவேன். இதை அமைத்துத் தந்தவர் என் மருமகன். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. தயவுசெய்து தடையை மறுபடி பார்க்க வேண்டும்.”

அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் போன் அடித்தார்.

“நல்லா எழுதிருக்கீங்க மாமா. மருமகன்னு வர்ற ரெண்டு வரிய மட்டும் எடுத்துர்றேன்.”

“ஏன் மாப்பிள்ள? அது இருக்கட்டுமே.”

“யார் மேல தப்புன்னு அவங்க கேக்கல மாமா. என்னா நடந்துச்சு, நின்னுச்சா, மறுபடி நடக்குமா, அதத்தான் பாப்பாங்க. பெட்டியில எடமும் பத்தாது.”

அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு வரியையும் நான் எழுதியது தளத்துக்காக அல்ல. அது அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்துதான் எடுத்தாரா, சொல்ல முடியவில்லை.

அவர் மாற்றி அனுப்பிய ஆங்கிலத்தைப் பெட்டியில் ஒட்டி அனுப்பினேன். மறுபரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. பிறகு எதுவும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மகளும் அவரும் வந்தார்கள். “வாங்க மாப்பிள்ள, சாப்பிடுங்க” என்றேன். சாப்பிட்டார். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. உங்கள் பேஜை மீண்டும் பார்த்தோம், தடை நீக்கப்பட்டது என்றது. நான் நம்பவில்லை. அந்த அறிவிப்பில் எதையும் தொடாமல், அதை மூடிவிட்டு, பேஜை நேராகத் திறந்து பார்த்தேன். மேலே நின்றிருந்த எச்சரிக்கை போயிருந்தது. படகு ஓட்டுகிறவனுக்கு, “வந்துதா?” என்று பேஜிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன்.

“வந்துச்சு அண்ணே. ஒங்க கையால எழுதுனதா, இல்ல அந்தப் பேயா?” என்று பதில் வந்தது.

“நாந்தான்” என்று எழுதினேன்.

“நம்பிட்டேன். பேயா இருந்தா இந்நேரம் வெல சொல்லிருக்கும்.”

அன்றைக்கே என் மனைவி சட்டியை அடுப்பில் ஏற்றினாள். வரிசை முழுவதும் தும்மியது. தீபாவளிக்கு இருந்த சொச்ச நாட்களில், வந்த ஒவ்வொரு கேள்விக்கும் நான் உடனே பதில் எழுதினேன். பிழை வந்ததுதான். சில பழைய வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. சாவு வீட்டில் வியாபாரம் செய்தவன் என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் வாங்கிப்போட்ட மிளகாயில் ஒரு மூட்டைகூடக் கறுக்கவில்லை.

தடை நீங்கிய அன்று நான் இன்னொரு காரியமும் செய்தேன். மாப்பிள்ளையைப் பேஜுக்குத் திரும்ப அழைத்தேன். அதற்கு அவர் பெயரைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டும், அந்தப் பக்கம் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். என் மனைவி கேட்டதற்கு அவர் சொன்னாராம்: “மாமாவே நல்லா பாத்துக்குறாரே அத்த, நான் எதுக்கு?” குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். அவள் சொல்லும் ‘நல்லாத்தான்’ எந்த நல்லாத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பினேன், அதுவும் காலாவதியானது; இந்த ஒரு வருடமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அவர் பெயருக்கு எதிரே, பதிலுக்குக் காத்திருக்கிறது என்றே நிற்கிறது. பார்த்தும் விட்டுவிட்டாரா, பார்க்கவே இல்லையா? கேட்டால் தெரிந்துவிடும். ரவாங் ஒன்றும் தூரமில்லை. இந்த முறை நானே போய்க் கேட்பதென்று இருக்கிறேன்.

எழுதிய நாள்: அண்ணனின் வருடத் திதி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.